மனநல விடுப்புக் கடிதம் யார் மேசை வரை போகலாம்? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேரும் முதல் நாளில் கையெழுத்துக்காக நீட்டப்படும் தாள்களுக்கு நடுவே, வருங்கால வைப்புநிதிப் படிவத்தை அடுத்து, 'ஊழியர் மனநலக் கொள்கை' என்ற தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருக்கலாம். சேலத்தில் துணி ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனங்கள் சிலவற்றிலும் இப்போது இது வந்திருக்கிறது. பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஊழியர் பிரிவில் பல ஆண்டுகளாக இந்தத் தாள்களை நீட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். எல்லாக் கொள்கைகளின் முதல் பத்தியும் ஒன்றுபோலவே இனிமையாக இருக்கும். வித்தியாசம் ஒரே இடத்தில்தான் தெரியும்: நீங்கள் ஆலோசகரைப் பார்த்த செய்தி யார் யாருக்குப் போகும் என்பதில். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இரண்டு பக்கமும் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

முதலில், கட்டணச் சீட்டைப் பற்றிக் கேளுங்கள்

'ஆலோசனை முற்றிலும் ரகசியமாக நடைபெறும்' என்று எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பிவிடாமல், ஆலோசகருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எந்தச் சீட்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ரகசியம் ஆலோசகரின் வாயிலிருந்து கசிவது அரிது. கணக்குப் பிரிவுக்கு வரும் மாதாந்திரச் சீட்டில் 'பேக்கிங் பிரிவு, இன்னார், மூன்று அமர்வு' என்று எழுதியிருந்தால், சம்பளம் போடும் தம்பி முதல் முதலாளியின் மைத்துனர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒழுங்காக நடக்கும் இடத்தில் ஆலோசகர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பார். அந்த எண் யாருடையது என்பது அவருடைய பதிவேட்டில் மட்டும் இருக்கும். நிறுவனத்துக்கு வரும் சீட்டில் 'இந்த மாதம் 7 அமர்வுகள்' என்ற மொத்தக் கணக்கு மட்டும் வரும்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில நிறுவனங்கள் பிரிவுவாரியாக அறிக்கை கேட்கும். தையலில் நான்கு பேர், தரச் சோதனையில் ஒருவர் என்று அறிக்கை வந்தால், தரச் சோதனையில் இருக்கும் ஆறு பேரில் அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். ஐந்து பேருக்குக் குறைவான எண்ணிக்கையைத் தனியாகக் காட்டக் கூடாது என்ற வரி கொள்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை எழுதியவர் விவரம் தெரிந்தவர்.

அடுத்தது, ஆலோசகர் யார் என்பது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மீது சுமத்துகிறது. ஆனால் 'கவுன்சலர்' என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் எல்லோரும் அந்தச் சட்டம் சொல்லும் மனநல வல்லுநர் வரையறைக்குள் வந்துவிடுவதில்லை. ஊழியர் பிரிவிலேயே ஒருவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து உட்கார வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் உங்கள் சம்பள உயர்வைப் பற்றிக் குறிப்பு எழுதுபவரும் அவராகவே இருப்பார். வெளியிலிருந்து வரும் ஆலோசகராக இருந்து, அவருடன் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு எழுத்தில் இருந்தால் நிம்மதி.

ரகசியம் எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லை இல்லாத ரகசியம் எங்கும் இல்லை. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று ஆலோசகர் கருதினால் அவர் வாய் திறக்கலாம். ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரிந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். நீதிமன்றம் உத்தரவிட்டாலும் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல ஆலோசகர் முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் இவற்றை எடுத்துச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆபத்து நேரத்தில் யாருக்குத் தகவல் போகும் என்பது பெரும்பாலும் நீங்கள் முதல் நாள் நிரப்பிய 'அவசரத் தொடர்பு' கட்டத்தைப் பொறுத்தது. அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ எழுதிவிடுகிறார்கள். வீட்டுப் பிரச்சினையே மனச்சுமைக்குக் காரணமாக இருந்தால், அழைப்பு போவதும் அதே வீட்டுக்குத்தான். அக்காவோ சித்தியோ கூடப் படித்த தோழியோ, நெருக்கடியில் யார் முகத்தைப் பார்க்க நினைப்பீர்களோ அவருடைய எண்ணை எழுதுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பலர் தெரியாமல் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றும் இருக்கிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லை நடந்து, அதை ஆலோசகரிடம் சொல்லி அழுதுவிட்டால் புகார் கொடுத்ததாக ஆகாது. ஆலோசகர் ரகசியம் காக்கிறார். அதனால் உள் புகார்க் குழுவுக்கு ஒன்றும் தெரியாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். நீங்கள் ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். புகார் கொடுத்துவிட்டு எழுத்தில் கேட்டால், விசாரணை நடக்கும் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படி குழு பரிந்துரைக்க முடியும். அது உங்கள் கணக்கில் இருக்கும் மற்ற விடுப்பைக் குறைக்காது.

அமர்வுக்கு நேரமும் இடமும்

எத்தனை அமர்வுகள் இலவசம் என்று பாருங்கள். அவை வேலை நேரத்திலா, ஷிப்டு முடிந்த பிறகா என்பதையும் பாருங்கள். ஆலோசனை அறை டைம் ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் திட்டம் தானாகவே படுத்துவிடும். வரிசையில் நின்று வருகை பதிகிற இருநூறு பேர் முன்னால் அந்தக் கதவைத் தட்டும் துணிவு யாருக்கு வரும்? வாயிற்காவலர் பதிவேட்டில் 'எதற்காக வெளியே செல்கிறார்' என்ற கட்டத்திலும் கவனம் வேண்டும். 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்திலோ தங்கும் விடுதியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மாதம் ஒருமுறை ஆலோசகர் மேலே வந்தால், அவருடைய வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதே செய்தியாகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து போனால் அரை நாள் போய்விடும். தொலைபேசி ஆலோசனைதான் அங்கே ஒத்துவரும். ஆனால் ஊழியர் விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர் என்றால் எங்கே போய்ப் பேசுவது? சிக்னல் கிடைக்கிற, கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையை ஒரு மணி நேரம் 'எதற்கு' என்று கேட்காமல் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அது கொள்கையில் இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்தின் வழியே போக மனமில்லையென்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். நிறுவனத்துக்கு அதில் எந்தத் தொடர்பும் கிடையாது.

மேலாளர் என்ன செய்யலாம், எதைக் கேட்கக் கூடாது

இந்தப் பகுதியைப் புதிதாக மேற்பார்வையாளர் ஆனவர்களும் படித்தால் நல்லது. மேலாளரின் வேலை நோயைக் கண்டுபிடிப்பது இல்லை. கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தைச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, வேலையில் தன்னால் மாற்றக்கூடியதை மாற்றுவது: அவருடைய எல்லை இவ்வளவுதான்.

கலா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 29. ஓமலூர் சாலையில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தரச் சோதனை செய்பவர். இதுதான் முதல் வேலை. ஜனவரி முதல் வாரம் சேர்ந்தார். நவம்பரில் ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிறார். பொத்தான் தையல் விட்டுப்போன சட்டைகள் அவர் மேசையைத் தாண்டிப் போய்விடுகின்றன. மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடி வைக்கிறார்.

மேற்பார்வையாளர் அவரைத் தனியாக, நடைபாதையில் நிற்க வைக்காமல் அறைக்குள் கூப்பிட்டு, "வாம்மா, உட்கார். இந்த வாரம் மூன்று நாள் லேட்டாகிவிட்டது. நேற்று நான்கு சட்டை திரும்பி வந்தது. நீ இப்படி வேலை செய்கிறவள் இல்லையே. வேலையில் நான் ஏதாவது மாற்றித் தர வேண்டுமா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். இந்தப் பேசாமல் இருப்பதுதான் பலருக்கு வருவதில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாங்களே அறிவுரையைத் தொடங்கிவிடுவார்கள்.

"தூக்கமே இல்லை, அண்ணா" என்று மட்டும் கலா சொல்கிறார். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா? மாத்திரை சாப்பிடுகிறாயா? டாக்டர் என்ன சொன்னார்?" என்று மேற்பார்வையாளர் தொடர்ந்தால் எல்லை தாண்டிவிட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார், ஆனால் அந்தப் பதில் அவருக்குத் தெரிந்தபின், ஆறு மாதம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது அதை அவரால் மறக்க முடியாது. "சரிம்மா, ஒரு வாரம் காலை ஷிப்டு வேண்டாம், பொது ஷிப்டுக்கு வா. இந்த எண்ணில் ஆலோசகர் இருக்கிறார். நீ பேசினாயா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன்" என்பதோடு முடிக்கலாம்.

பிறகு தன் குறிப்பேட்டில் அவர் எழுத வேண்டியது: 'கலா, ஒரு வாரம் பொது ஷிப்டு.' 'மன அழுத்தம்போல் தெரிகிறது' என்ற வரி எந்தப் பதிவேட்டிலும் வரக் கூடாது.

விடுப்பு: கடிதமும் பணமும் வேறு வேறு வழியில் போகின்றன

ஆலோசகருடன் இரண்டு முறை பேசியபின், மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று கலாவிடம் அவர் சொல்கிறார். கலாவின் சம்பளம் 21,000 ரூபாய்க்குக் கீழ் என்பதால் அவர் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். ஆனால் விடுப்புக்கான பணப்பயன் வேண்டுமென்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்குவதுதான் வழி. அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். விடுப்புச் சான்றிதழும் இ.எஸ்.ஐ. மருத்துவரிடமிருந்தே வரும். தனியார் மருத்துவரின் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிறகு இ.எஸ்.ஐ.யில் பணம் கேட்டு அலைகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

பதினான்கு நாள் ஓய்வு தேவை என்று சான்றிதழ் கிடைக்கிறது. கலாவின் சராசரி நாள் சம்பளம் 600 ரூபாய். நோய்க்காலப் பயன் அதில் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 420 ரூபாய். முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். அதற்குப் பணம் வராது. மீதிப் பன்னிரண்டு நாளுக்கு 5,040 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு நேராக வரும். காத்திருப்பு நாள் இரண்டையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகக் கொடுப்போம் என்று கொள்கையில் எழுதியிருந்தால், அந்த 1,200 ரூபாயும் நிறுவனத்திலிருந்து கிடைக்கும். 'மனநல விடுப்பு ஆண்டுக்கு இரண்டு நாள்' என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு நாளில் என்ன குணமாகும் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. இந்தக் காத்திருப்பு இடைவெளியை நிரப்ப அது சரியாக உதவுகிறது.

புதியவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. முதல்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேருகிறவருக்குச் சிகிச்சை தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் நோய்க்காலப் பணம் ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும். ஜனவரியில் சேர்ந்த கலாவுக்கு நவம்பரில் கிடைத்தது. ஜூலையில் உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் கிடைத்திருக்காது. முன்பு வேறு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் போட்டுவிட்டால் பழைய சந்தாக் கணக்கு சேராது. காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வழக்கமான பயன் ஆண்டுக்கு 91 நாள் வரை. மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்ற சில கடுமையான மனநோய்கள் நீட்டித்த நோய்க்காலப் பயன் பட்டியலில் இருக்கின்றன. தகுதி இருந்தால் 80 சதவீதம் வீதத்தில் அதைவிட மிக நீண்ட காலம் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. இல்லாத கடை, அலுவலக ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. மனநலக் காரணத்துக்கும் அதே நோய் விடுப்புத்தான். சம்பளம் கூடுதலாக வாங்குகிறவர்கள் குழு மருத்துவக் காப்பீட்டை நம்பினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மனநோயையும் உடல்நோயைப் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கே உதவும். வாராவாரம் மருத்துவரைப் பார்க்கும் செலவு பொதுவாகச் சேராது. தங்கியிருந்தால், மருத்துவமனை தரும் வெளியேற்றக் குறிப்பை ஊழியர் பிரிவின் கையில் கொடுக்காமல் காப்பீட்டு முகவர் நிறுவனத்துக்கு நேராக அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடிதத்தைக் கொடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலான ரகசியங்கள் உடைகின்றன. மருத்துவர் நோயின் பெயரை எழுதாவிட்டாலும், 'மனநல மருத்துவர்' என்று அச்சிட்ட தாளின் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகவே கடிதம் மேற்பார்வையாளர் மேசைக்கே போகக் கூடாது. உறையில் போட்டு ஒட்டி, ஊழியர் பிரிவில் பெயர் குறித்து நியமித்த ஒருவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்குத் தேவையானது மருத்துவர் பெயர், பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது மட்டுமே. ஊழியர் பிரிவில் நியமித்த அந்த ஒருவர் கடிதத்தைப் பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டு, மேற்பார்வையாளருக்கு 'கலா, 10ஆம் தேதி முதல் 23 வரை மருத்துவ விடுப்பு, அனுமதிக்கப்பட்டது' என்று ஒரே வரி அனுப்புகிறார். வருகைப் பதிவு மென்பொருளிலும் வகை 'மருத்துவ விடுப்பு' என்றே இருக்க வேண்டும். தனியாக 'மனநல விடுப்பு' என்ற வகை திரையில் தெரிந்தால், பிரிவில் யார் கணினியைத் திறந்தாலும் பார்த்துவிடுவார்கள். கொள்கையில் அந்தப் பெயர் இருக்கலாம், திரையில் வேண்டாம்.

பிரிவின் வாட்ஸப் குழுவில் 'கலா ஏன் வரவில்லை?' என்று யாராவது கேட்பார்கள். 'விடுப்பில் இருக்கிறார், 24ஆம் தேதி வருவார்' என்பதோடு மேற்பார்வையாளர் நிறுத்திக்கொள்ள வேண்டும். 'அவருக்காகப் பிரார்த்தியுங்கள்' என்று அன்பாகச் சேர்த்துவிட்டால், மதியத்துக்குள் பத்து விதமான கதை கிளம்பிவிடும்.

திரும்பி வரும் நாள்

விடுப்பு முடிந்ததும் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதோடு, வேலையில் ஏதாவது கட்டுப்பாடு தேவையா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மனநல மருந்துகளில் சில, தொடங்கிய முதல் சில வாரங்களில் தூக்கக் கலக்கம் தரும். மேசையில் சட்டை பார்க்கிறவருக்கு அது சமாளிக்கக்கூடியது. துணி வெட்டும் இயந்திரத்தில் நிற்பவருக்கு விரல் போகும் விஷயம். ஆனால் மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியது 'நான்கு வாரம் வெட்டும் இயந்திரம் வேண்டாம், இரவு ஷிப்டு வேண்டாம்' என்பது மட்டும். மருந்தின் பெயரோ காரணமோ தேவையில்லை.

முதல் வாரம் உற்பத்தி இலக்கைக் குறைத்து வைப்பதாகக் கொள்கை சொன்னால், ஊக்கத்தொகை என்னாகும் என்று அப்போதே கேளுங்கள். இலக்கைக் குறைத்துவிட்டு ஊக்கத்தொகையையும் வெட்டுவது பல இடங்களில் நடக்கிறது. பிறகு யாரும் அந்தச் சலுகையைக் கேட்க மாட்டார்கள். நிர்வாகம் 'யாருக்கும் தேவைப்படவில்லை' என்று அறிக்கை எழுதும்.

செய்தி கசிந்துவிட்டால்

யார் சொன்னார் என்று தேடிச் சண்டை போடாமல், எந்தத் தேதியில் யாரிடமிருந்து எந்த வார்த்தையில் கேட்டீர்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொள்கையில் குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் பெயர் இருக்கும். உங்கள் மேற்பார்வையாளரும் அவரும் ஒருவராக இருந்தால் அதற்கு மேலே உள்ளவருக்கு எழுதுங்கள். கடிதத்தில் உங்கள் நோயைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். 'என் மருத்துவ விடுப்பு விவரம் ஊழியர் பிரிவிலிருந்து வெளியே போயிருக்கிறது; அந்த உறையை யார் யார் திறந்தார்கள் என்ற பதிவைக் காட்டுங்கள்' என்று கேட்டால் போதும். சிகிச்சை தந்தவரிடமிருந்தே கசிந்தது என்று தெரிந்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். நோய்க்காலப் பயன் பெற்றுக்கொண்டிருக்கும் நாட்களில் வேலையைவிட்டு எடுத்ததாக உத்தரவு கொடுத்தால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த உத்தரவின் நகலோடு சேலத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். சான்றிதழ்களின் நகல்களை நீங்களும் ஒரு கோப்பில் வைத்திருந்தால், அங்கே கேட்கும் முதல் தாளை அப்போதே எடுத்துக் கொடுக்கலாம்.